புகை படியில் இருந்தால் வீடுதான் வழி: நம் ஒத்திகை வீடியோ பற்றி

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், அவசரகால வெளியேற்ற ஒத்திகை வீடியோ திரையிடப்படுவதற்கு முன் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வீடியோ ஆறு நிமிடம்தான் ஓடும். அதைப் போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இன்று பார்க்கப் போவது இரண்டாவதாக எடுத்த வீடியோ. முதலில் எடுத்ததை அழித்துவிட்டோம். ஏன் அழித்தோம் என்பதைச் சொன்னால்தான் இது புரியும்.

முதல் வீடியோவில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மணி அடிக்கிறது. மூன்று தளத்திலும் கதவு திறக்கிறது. எல்லோரும் வரிசையாகப் படியில் இறங்கி, பைக் நிறுத்துமிடம் வழியாகக் கேட்டைத் தாண்டி வெளியே போய் நிற்கிறோம். பின்னணியில் பாட்டுகூடப் போட்டிருந்தோம். குழுவில் அனுப்புவதற்கு முன் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினோம். மூன்றாம் தளத்து அம்மா ஒருவர் முழுதும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, தீ கீழ பைக்கு நிக்கிற எடத்துலதான் புடிச்சிருக்குன்னா, எங்கள எங்குட்டு எறங்கச் சொல்றீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், நம் கட்டடத்தில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடமே அதுதான். பன்னிரண்டு வீட்டின் மீட்டர் பெட்டிகளும் படிக்கட்டின் அடியில் இருக்கின்றன. அதிலிருந்து நாலடி தள்ளி இருபதுக்கு மேல் பைக்கும் ஸ்கூட்டரும் நிற்கின்றன. இரண்டு மின்சார ஸ்கூட்டருக்கு அங்கேயே ராத்திரியில் சார்ஜ் ஏறுகிறது. படிக்கட்டின் வாசலும் அங்கேதான் திறக்கிறது. நாம் எல்லோரையும் அந்த வாசலை நோக்கி இறங்கி வரச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தோம்.

இரண்டு இடங்களில் நடந்தது

2023 அக்டோபர் 6-ஆம் தேதி, விடியற்காலை 3 மணி வாக்கில், மும்பை கோரேகானில் ஜெய் பவானி என்ற குடியிருப்பில் தீப்பிடித்தது. தரைத்தளமும் அதன் மேல் ஐந்து மாடியும் கொண்ட கட்டடம். தீ பிடித்தது கீழே, வண்டிகள் நின்ற இடத்தில். வண்டிகளும் அங்கே கிடந்த துணி மூட்டைகளும் எரிந்தன. புகை மேலே ஏறியது. அன்று ஏழு பேர் இறந்துபோனார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் பல மாடிகளிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் ஆட்களை மீட்டார்கள்.

அடுத்தது நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில், தரைத்தளத்தில் தீப்பிடித்தது. புகை மற்ற தளங்களுக்கும் ஏறியது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் சிலர் மயங்கிய நிலையில் கிடந்தார்கள். கீழே போய்விடலாம் என்று லிஃப்ட்டில் ஏறுவது மனித இயல்பு. அந்த இயல்பைத்தான் வீடியோ மாற்ற வேண்டும்.

இரண்டிலும் தீ கீழே, மக்கள் மேலே. நம் கட்டடத்தின் அமைப்பும் இதேதான். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தம், மேலே மூன்று தளம், நடுவில் ஒரே படிக்கட்டு, பக்கத்தில் லிஃப்ட். சூடான புகை மேலேதான் போகும். அதற்குக் கட்டடத்தில் இருக்கும் நேரான வழி படிக்கட்டு. அடுப்பு எரியும்போது புகைபோக்கி என்ன வேலை செய்கிறதோ அதையே படிக்கட்டு செய்யும். மொட்டை மாடிக் கதவு மூடியிருந்தால் புகை மேலே போய் முட்டித் தேங்கி, அங்கிருந்து கீழ் நோக்கி நிரம்பிக்கொண்டு வரும். அதனால் தீ பிடித்த இடத்துக்குத் தூரமாக இருக்கிற மூன்றாம் தளத்துக்காரர்கள்தான் முதலில் புகையில் மாட்டுவார்கள். நம் படிக்கட்டு வாசல் மேற்கே பார்த்து இருக்கிறது. ஆடி மாதக் காற்று அடிக்கிற நாளில் தீப்பிடித்தால் புகையைக் காற்றே உள்ளே தள்ளும்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு முட்டுவதற்கு முன்பே புத்தி தடுமாறிவிடும். பழகிய படியில் இறங்குகிறவர்கூட எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்துவிடுவார். "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம்" என்ற எண்ணம் அதனால்தான் ஆபத்து. மூன்றாம் தளத்திலிருந்து கேட் வரை நல்ல கால் உள்ளவருக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு ஒத்திகையில் நான்கு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது.

வீடியோ சொல்லித் தருவது ஒரே ஒரு முடிவு

ஆகவே வீடியோவை "எப்படி இறங்குவது" என்பதிலிருந்து மாற்றி, "இறங்கலாமா வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது" என்பதிலிருந்து தொடங்கினோம். அந்த முடிவை எடுக்கிற இடம் உங்கள் வீட்டு வாசல் கதவு. வீடியோவின் முக்கியமான பகுதியை மூன்றாம் தளத்து வீடு ஒன்றில் எடுத்திருக்கிறோம். அதில் வரும் வார்த்தைகளை அப்படியே படிக்கிறேன்.

"மணி அடிக்கிறது. வீட்டில் இருப்பவர்களை வாசல் கதவுக்கு அருகே கூப்பிடுங்கள். சமையல் அடுப்பை அணையுங்கள். கதவை உடனே திறக்க வேண்டாம். புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள்.

கதவு சுடுகிறதா? திறக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

சுடவில்லையா? ஒரு கை அகலம் மட்டும் திறந்து, படிக்கட்டைப் பாருங்கள். மேலேயும் பாருங்கள், கீழேயும் பாருங்கள்.

படி தெளிவாக இருந்தால், கதவைச் சாத்திவிட்டு இறங்குங்கள். பூட்ட வேண்டாம்.

படியில் புகை இருந்தால், கதவை மூடுங்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள்."

இவ்வளவுதான். முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் இதே வார்த்தைகள்தான். ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் அந்தத் தளத்துக் கதவு, அந்தத் தளத்துப் படியைக் காட்டித் தனியாக எடுத்திருக்கிறோம். அடுத்தவர் வீட்டுக் கதவைக் காட்டினால் மனசு அதை வேடிக்கை மாதிரிதான் பார்க்கும்.

சிலர் கேட்டார்கள்: "கொஞ்சம் புகைதானே, இறங்கிவிட்டால் என்ன?" இங்கேதான் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாம் தளத்தில் கொஞ்சமாகத் தெரிகிற புகை, கீழே இறங்க இறங்க அடர்த்தியாகும். ஏனென்றால் நாம் போவது அது கிளம்பும் இடத்தை நோக்கி. தெரியாமல் இறங்கத் தொடங்கிப் பாதியில் புகை வந்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டாம். திரும்பி ஏறுங்கள். வழியில் எந்த வீட்டுக் கதவு முதலில் வருகிறதோ அதைத் தட்டி உள்ளே போய்விடுங்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிற எவரையும் உள்ளே விடுவது என்று பன்னிரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

மொட்டை மாடி பற்றியும் கேட்டீர்கள். அதை முதல் வழியாக வீடியோவில் வைக்கவில்லை. புகை முதலில் போய்ச் சேருகிற இடம் படிக்கட்டின் உச்சிதான் என்பதால், மேலே ஓடுகிறவர் இருப்பதிலேயே அடர்த்தியான புகைக்குள் நுழைவார். ஆனால் மொட்டை மாடிக் கதவு எப்போதும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். ஒன்று, புகை வெளியேற அது வழி. இரண்டு, மேல் தளத்து வீடு ஒன்றிலேயே தீப்பிடித்தால், அந்தத் தளத்துக்காரர்களுக்குக் கீழே இறங்கும் படி அடைபட்டு மேலே போகும் படி தெளிவாக இருக்கும் சமயமும் வரலாம்.

வீட்டுக்குள் இருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல

"வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று சொன்னால் பலருக்கு அது கைவிட்டதுபோலத் தோன்றுகிறது. அதனால் வீட்டுக்குள் செய்ய வேண்டியதை வீடியோவில் முழுதாகக் காட்டியிருக்கிறோம்.

வாசல் கதவை மூடியதும், ஒரு துண்டையோ பழைய சேலையையோ நனைத்து, கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியில் திணிக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் மோட்டாரும் ஓடாது. ஆகவே வாசலுக்குப் பக்கத்துக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் நிரம்பி இருக்கட்டும். பிறகு, சாலையைப் பார்த்த அறைக்குப் போய் அந்த அறைக் கதவையும் மூடுங்கள். தீக்கும் உங்களுக்கும் நடுவே மூடிய கதவு எத்தனை இருக்கிறதோ அத்தனை நேரம் கூடுதலாகக் கிடைக்கும். வெளியே புகை இல்லை என்றால் ஜன்னலைத் திறந்து, வெளிர் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அறைக்குள் புகை வந்தால் தரையோடு தாழ்ந்து உட்காருங்கள்.

அடுத்தது போன். தீயணைப்புக்கு 101, அல்லது பொதுவான 112. பேசும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள். பதற்றத்தில் "தீ, தீ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டித்துப் போனால் வண்டி எங்கே வரும்? "பாலவனத்தம், விருதுநகர் அருப்புக்கோட்டை சாலை" என்று தொடங்கி, கட்டடத்தின் பெயர், பக்கத்து அடையாளம், பிறகு "கீழே வண்டிகள் எரிகின்றன, மேலே ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். கடைசியாக, உங்கள் வீட்டு எண்ணையும் அறையில் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். அதே தகவலைச் சங்கக் குழுவிலும் போட்டுவிடுங்கள். கீழே கணக்கெடுப்பவருக்கு அது வேண்டும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. ஒரு வீட்டில் பிடித்த தீ வேறு வீட்டுக்குப் போகாது, ஆகவே மற்றவர்கள் உள்ளேயே இருக்கலாம் என்பதுதான் அங்கே ஏற்பாடு. ஆனால் கட்டடத்தின் வெளிப்புறத்தில் அழகுக்கும் வெப்பத் தடுப்புக்குமாக ஒட்டியிருந்த பலகைகள் எரியக்கூடியவை. தீ வெளிச்சுவர் வழியாக ஏறியது. முதல் அழைப்பு நள்ளிரவு 12.54-க்கு வந்தது. உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை 2.47-க்குத்தான் மாற்றினார்கள். 72 பேர் இறந்தார்கள். நம் கட்டடம் செங்கல்லும் கான்கிரீட்டும்தான், வெளிப் பலகை இல்லை. இருந்தாலும் அந்தப் பாடம் நமக்கும் உண்டு. "வீட்டுக்குள் இருங்கள்" என்பது அசையாத கட்டளை ஆகிவிடக்கூடாது. அதனால் வீடியோவில் இதையும் சேர்த்தோம்: "தீ உங்கள் வீட்டிலேயே பிடித்தால் உள்ளே இருக்காதீர்கள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்துங்கள், மணியை அடியுங்கள். தீயணைப்பு வீரர் வந்து இறங்கச் சொன்னால் உடனே இறங்குங்கள்."

பால்கனி கிரில்லைப் பற்றி ஒரு வார்த்தை. திருட்டுப் பயத்துக்காக முழுதும் அடைத்து வெல்டிங் வைத்திருக்கிறோம். ஏணி வைத்து உங்களை இறக்க வருகிறவர் அந்தக் கம்பியை அறுக்க வேண்டியிருக்கும். சாலைப் பக்கத்துக் கிரில் ஒன்றிலாவது ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வைத்து, சாவியை அதே அறையில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.

யார் என்ன செய்வது

முதல் வீடியோவில் பொறுப்பாளர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தோம். பகல் பதினோரு மணிக்கு அவர்களில் ஒருவர்கூடக் கட்டடத்தில் இருப்பதில்லை. மில்லுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது பெண்களும் பெரியவர்களும்தான். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறோம். நான்கே பொறுப்புகள்தான்.

முதலாவது, தளப் பொறுப்பாளர். தளத்துக்கு ஒருவர். தன் வீட்டுக் கதவைத் திறந்து படியைப் பார்த்து, "படி தெளிவு, இறங்குங்கள்" அல்லது "படியில் புகை, உள்ளே இருங்கள்" என்று உரக்கச் சொல்வது அவர் வேலை. படி தெளிவாக இருந்தால் நாலு கதவையும் தட்டிவிட்டு, கடைசியாக இறங்குவார். புகை இருந்தால் அவரும் உள்ளே போய்விட வேண்டும். தேடிப் போகிற வேலை அவருக்குக் கிடையாது.

இரண்டாவது, மெயின் ஸ்விட்ச் பொறுப்பாளர். மீட்டர் அறையை நெருங்க முடிகிறது என்றால் மட்டும் மெயினை நிறுத்துவார். நெருங்க முடியாவிட்டால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு விலகிவிடுவார். தீ ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் அங்கே மாட்டியிருக்கும் 6 கிலோ பவுடர் தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீச வேண்டும். அது அரை நிமிடம்கூட வராது. அது தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியே போகிற வழி எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

மூன்றாவது, கேட் பொறுப்பாளர். இரண்டு கதவையும் முழுதாகத் திறந்து வைத்து, சாலைக்குப் போய் நின்று தீயணைப்பு வண்டியைக் கைகாட்டி அழைப்பார். தரைத்தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் உள்ள தண்ணீர் போதாதபோது அதைத்தான் கேட்பார்கள்.

நான்காவது, கணக்குப் பொறுப்பாளர். வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய அட்டை அவரிடம் இருக்கும். வெளியே வந்தவர்களை எண்ணி, மேலே இருப்பவர்கள் யார், எந்த வீடு, எந்த அறை என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொல்வார். அவர் சொல்கிற ஒரு வரி, வீரர்கள் எந்தக் கதவை முதலில் உடைப்பது என்பதைத் தீர்மானிக்கும்.

நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் ஒத்திகை பார்த்தோம். படி தெளிவாக இருந்தால், கைப்பிடி உள்ள மர நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் இடுப்பில் ஒரு சுற்றுக் கட்டி, நாற்காலியைப் பின்னால் சாய்த்து இறக்க வேண்டும். ஒருவர் மேலே நின்று முதுகுப்பக்கத்தைப் பிடிப்பார். இன்னொருவர் கீழே நின்று முன்கால்களைப் பிடிப்பார். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, கால் ஒடிந்துவிடும். மற்றவர்கள் முதலில் இறங்கிய பிறகே நாற்காலி இறங்கும், இல்லையென்றால் படி அடைபடும்.

குரல் எப்படி இருக்க வேண்டும்

பின்னணிக் குரலை மூன்று தடவை பதிவு செய்தோம். முதல் தடவை, செய்தி வாசிப்பதுபோல வேகமாக இருந்தது. கேட்டால் படபடப்புதான் வந்தது. இரண்டாம் தடவை பேசியவர் "பதறாதீர்கள், ஓடாதீர்கள், லிஃப்ட்டில் ஏறாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டு முடித்த ஒரு பையனிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்றோம். "லிஃப்ட்" என்றான். செய்யக்கூடாததை அடுக்கினால் அந்தச் சொல்தான் தங்குகிறது. ஆகவே "லிஃப்ட்டில் ஏறாதீர்கள்" என்பதை "லிஃப்ட்டைத் தாண்டிப் படிக்கு வாருங்கள்" என்று மாற்றினோம். "பதறாதீர்கள்" என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையை வைத்தோம். கைக்கு வேலை கிடைத்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

மூன்றாம் தடவை பேசியது நம் முதல் தளத்து டீச்சர். வகுப்பில் சொல்லெழுதுதல் சொல்வதுபோல, ஒரு வாக்கியம், பிறகு அதைச் செய்து முடிக்கிற அளவு இடைவெளி, பிறகு அடுத்த வாக்கியம். பாட்டை எடுத்துவிட்டோம். சைரன் சத்தமும் போடவில்லை. அதற்குப் பதில், நம் படிக்கட்டில் மாட்டியிருக்கும் மணியின் சத்தத்தையே பதிவு செய்து போட்டிருக்கிறோம். ராத்திரித் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அது என்ன என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

புகையைக் காட்ட எதையும் கொளுத்தவில்லை. இரண்டாம் தளத் திருப்பத்தில் படிக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, "இதுதான் புகை" என்று வைத்துக்கொண்டோம். வேட்டியைப் பார்த்தவர்கள் திரும்பி ஏற வேண்டும். முதல் முறை, பாதிப் பேர் வேட்டியைத் தூக்கிவிட்டுக் குனிந்து இறங்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள். ஆனால் உண்மையில் புகை இருந்திருந்தால் அந்தப் பாதிப் பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காட்சியையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம். அடுத்து சரியாகத் திரும்பி ஏறியதையும் காட்டியிருக்கிறோம்.

ஒத்திகையில் தெரியவந்த குறைகள்

மெயினை நிறுத்திப் பார்த்தபோது படிக்கட்டு கும்மிருட்டு ஆனது. இப்போது தளத்துக்கு ஒன்றாகப் பேட்டரி விளக்கு மாட்டியாகிவிட்டது. மொட்டை மாடிக் கதவின் பூட்டுக்குச் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது, அவர் அன்று வெளியூரில் இருந்தார். பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டுவிட்டோம்.

கூடும் இடமாகப் பின்பக்கத்துக் காலி மனையை முதலில் குறித்திருந்தோம். அது கரிசல் மண். ஐப்பசி மழையில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கோடையில் அதைச் சுற்றி நிற்கும் சீமைக்கருவேலம் தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ஆகவே சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். வண்டி வருகிற பாதையை அது மறைக்காது. சாலையைக் கடக்க வேண்டும் என்பதால் கேட் பொறுப்பாளர் முதலில் போக்குவரத்தைக் கைகாட்டி நிறுத்துவார்.

இன்னும் தீராத குறை ஒன்றே ஒன்று. படிக்கட்டு வாசலுக்கும் மீட்டர் பெட்டிகளுக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்துவது. எவ்வளவு நல்ல வீடியோ எடுத்தாலும் அதற்கு ஈடாகாது. படி வாசலைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். கோட்டுக்குள் வண்டி, பழைய மெத்தை, அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். சார்ஜ் போடும் இடத்தைக் கேட்டுக்குப் பக்கத்துத் தூணுக்கு மாற்றுவதற்கான செலவுத் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. அந்த இரண்டு ஸ்கூட்டர்க்காரர்களும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். வயர் இழுக்கிற செலவை அவர்கள் தலையில் மட்டும் போடாமல் பன்னிரண்டு வீடும் பகிர்ந்துகொள்வது நியாயம் என்பது செயற்குழுவின் கருத்து. ஏனென்றால் அந்தப் புகை எந்த வீட்டுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த ஒத்திகை மூன்று மாதம் கழித்து, இரவு ஒன்பது மணிக்கு, மெயினை நிறுத்திவிட்டு. வேட்டி எந்தத் தளத்தில் கட்டியிருக்கும் என்று இந்தத் தடவை முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வருகிறது. அதையொட்டி அருப்புக்கோட்டை தீயணைப்பு நிலையத்தில் ஒரு செயல்விளக்கம் கேட்டு மனு கொடுக்க இருக்கிறோம்.

இப்போது வீடியோவைப் போடுகிறோம். பார்த்து முடித்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வாசல் கதவை மூடிவிட்டு அதன் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மட்டும் குனிந்து பாருங்கள். அந்த அளவுக்கு ஒரு துண்டை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மூன்றாம் தளத்து அம்மா ஏற்கனவே வைத்துவிட்டார்.

விளக்கை அணைக்கலாம்.